உயிலை ஆங்கிலப்படுத்தல்

மரண சாசனம் என்று முன்னோர் வழங்கிய உயிலை ஒருவர் எழுதுங்கால், அது படிக்கப்படும் நாளில் தாம் இருக்கப்போவதில்லை என்பதை அறிந்தே எழுதுகின்றார். ஏனைய எழுத்துக்களில் ஐயம் நேரின், எழுதினவரிடம் சென்று பொருள் கேட்கலாம். உயிலில் அது இயலாது. அவ்வுயில் தமிழில் இருந்து, அதன் பயனைப் பெறுவோர் தமிழ் எழுத்தறியாது அயல்நாட்டில் வாழ்வாராயின், மொழிபெயர்ப்பாளன் எழுதும் ஆங்கிலமே அவர்க்கு இறந்தவரின் வாய்மொழியாகும். அவ்வாங்கிலம் சிறிது பிறழ்ந்தால் நிலமும் பிறழும். இதனை யாம் நூலிற் கற்றிலோம். எம் பிழையாற் கற்றோம். அதனை எம்முடன் கற்கும் நண்பர்க்கு உரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

எம் உறவினருள் ஒருவர் திருநெல்வேலி மாவட்டத்தில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், கிறிஸ்தவர், எண்பது வயதை அணுகியவர். அவர்க்கு மனைவியும், இரு குமாரரும், ஒரு மகளும் உண்டு. மூத்த குமாரர் இலண்டனில் இருக்கின்றார். அவர்க்குப் பெண்மக்கள் இருவர். மகள் உள்ளூரிலேயே கணவருடன் வாழ்கின்றார். அவர்க்கு மக்கள் மூவர். இளைய குமாரர் சிங்கப்பூரில் இருக்கின்றார். அவர்க்கு மக்கட்பேறு இல்லை. இவர்களேயன்றி, பெரியவரின் காலஞ்சென்ற தமக்கையின் மகன் ஒருவர் சிறு வயதில் அவர் வீட்டில் வளர்ந்து, இப்பொழுது பினாங்கில் இருக்கின்றார்.

இலண்டனிலுள்ள பேத்திமார் தமிழைப் பேசுவாரேயன்றி வாசிக்க அறியார். ஆதலின் தம் உயிலை ஆங்கிலப்படுத்தி அயல்நாட்டிலுள்ள எல்லார்க்கும் ஒவ்வொரு படி அனுப்பப் பெரியவர் விரும்பினார். எம்மை அழைத்து, "தம்பி, நீ தமிழ் ஆனர்ஸ் படிக்கிறாய், ஆங்கிலமும் அறிவாய். இம்மூன்று பக்கத்தையும் ஆங்கிலமாக்கித் தா" என்றார். யாமும், "ஆகட்டும், தாத்தா" என்று சொல்லி இரண்டு மாலைப் பொழுதுகளில் முடித்துவிட்டோம். அனுப்புவதற்கு முன் தமக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் பெரியவர் அதனைக் காட்டினார். அவர் தமிழையும் எம் ஆங்கிலத்தையும் அருகருகே வைத்து வாசித்து, நான்கு இடங்களிற் கோடிட்டுத் திருப்பியனுப்பினார். அந்நான்கையும் ஒவ்வொன்றாய் ஆராய்வாம்.

1. மருமகன்

உயிலின் ஒரு பகுதி இது: "என் தோட்டத்தில் சரிபாதியை என் மருமகன் அவர்கள் அடைந்துகொள்ள வேண்டியது." பெயர் குறிக்கப்படவில்லை. எழுதினவர்க்கு அது யாரென்று தெரியுமாதலின் பெயர் வேண்டுமென்ற நினைவே எழவில்லை போலும். யாம் இதனை 'நெவ்யூ' என்று எழுதினோம். அதற்குக் காரணம் வேடிக்கையானது. எம் மாமா எம்மை 'மருமகனே' என்று அழைப்பார். ஆதலின் அச்சொல்லைக் கண்டவுடன் உடன்பிறந்தாள் மகன் என்னும் பொருளே எம் மனத்தில் முந்தி நின்றது. வழக்கறிஞர் அவ்விடத்தில் எழுதிய கேள்வி, "மகளின் கணவரா, தமக்கையின் மகனா?" என்பது.

தமிழில் அச்சொல் இருவர்க்கும் உரியது. மாமன் மகளை மணக்கும் வழக்கம் நிலவிய சமூகத்தில் உடன்பிறந்தாள் மகனே மகளின் கணவனாதல் இயல்பு. ஆதலின் இரண்டு உறவுக்கும் ஒரு சொல்லே போதியதாயிற்று. தென்கோடியில் நாஞ்சில் நாட்டில் வழங்கிய மருமக்கள் வழி உரிமையில், மருமகன் என்பவன் உடன்பிறந்தாள் மகனே. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் இயற்றிய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்னும் நூற்பெயரிலும் அப்பொருளே உள்ளது. ஏனைய இடங்களில், மகளை மணந்து கொடுத்த வீட்டில் அச்சொல் பெரும்பாலும் மகளின் கணவனைக் குறிக்கும். ஆங்கிலத்திலோ இவ்விருவர்க்கும் பொதுவாய் ஒரு சொல் இல்லை. எழுதுபவன் ஒன்றைத் தெரிந்தே தீரவேண்டும்; தெரிந்த அக்கணமே தீர்ப்பும் கூறியவனாகின்றான்.

சட்டம் இதனை எவ்வாறு நோக்குகின்றது என்பதை வழக்கறிஞர் எமக்கு விளக்கினார். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, தன் 80-ஆம் பிரிவில், உயிலின் சொல் தன்னளவில் தெளிவாயிருந்தும் ஒருவர்க்கு மேற்பட்டோர்க்குப் பொருந்துமாயின், எழுதினவர் யாரைக் கருதினார் என்பதற்கு வெளிச் சான்று கொள்ளலாம் என்கின்றது. மேரி என்னும் பெயருடைய உறவுப் பெண்கள் இருவர் இருக்க, 'மேரிக்கு' என்று ஒருவர் எழுதிவைத்த உதாரணத்தையும் அச்சட்டமே தருகின்றது. 'மருமகன்' என்னும் சொல்லும் இத்தன்மையதே. தமிழ் மூலம் நியாயத்தலத்தின் முன் நிற்குமாயின், இருவரும் தத்தம் சான்றைக் கூற இடமுண்டு. யாமோ 'நெவ்யூ' என்று எழுதி அவ்வாயிலை அடைத்துவிட்டோம். மேலும் அதே சட்டத்தின் 99-ஆம் பிரிவு அவ்வாங்கிலச் சொல்லுக்கு உடன்பிறந்தார் பிள்ளைகள் என்று வரையறுத்த பொருளும் கொடுத்திருக்கின்றது. மகளின் கணவர்க்கு அச்சொல்லில் இடமே இல்லை.

பெரியவரிடம் சென்று கேட்டோம். அவர் வியப்புடன், "பினாங்கிலிருப்பவன் தோட்டத்தை வைத்து என்ன செய்வான்? மகள் வீட்டுக்காரரைத்தான் சொன்னேன், அவர்தானே இத்தனை வருஷமும் தண்ணீர் பாய்ச்சுகிறவர்" என்றார். எம் ஆங்கிலம் அப்படியே சென்றிருந்தால், பினாங்கிலுள்ளவர் சரிபாதித் தோட்டம் தமதென்று நேர்மையாகவே நம்பியிருப்பார். பெரியவரின் காலத்திற்குப் பின் இரு குடும்பமும் வழக்கில் நின்றிருக்கும்.

தமிழ் மாணவராகிய யாம் நாண வேண்டியது வேறொன்றும் உண்டு. விடையின் குறிப்பு உயிலிலேயே இருந்தது. 'மருமகன் அவர்கள்' என்று பெரியவர் எழுதியிருந்தார். மடியில் வளர்ந்த தமக்கை மகனை எந்தப் பெரியவரும் 'அவர்கள்' என்னார். மகளைக் கொடுத்த இடத்தில்தான் அம்மரியாதை வரும். இஃது உறுதியான சான்று ஆகாதெனினும், எடை உடைய சான்றேயாம். ஆங்கிலத்தில் மரியாதைப் பன்மை இல்லாமையின் அஃது அடியோடு மறைந்துவிடும். இன்னும் ஒருபடி மேலே சென்று, 'அவர்கள்' என்பதைப் பன்மையென மயங்கி 'மருமக்கள்' என எழுதுவோரும் உண்டு. அப்பொழுது ஒருவர் பலராகி, பாதித் தோட்டம் இன்னும் பலவாய்ச் சிதறும்.

இவ்விடத்திற் செய்யத் தக்கது யாது? தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அப்படியே நிறுத்தி, அதன் பக்கத்தில் பகர அடைப்புக்குள், இச்சொல் மகளின் கணவரையும் உடன்பிறந்தாள் மகனையும் குறிக்கும் என்றும், இங்கே மரியாதைச் சொல்லோடு ஒருமையில் வந்துள்ளது என்றும் எழுதவேண்டும். பகர அடைப்புக்குள் உள்ளவை மொழிபெயர்ப்பாளனுடையவை, உயிலின் சொற்கள் அல்ல என்பதை முதற் பக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும். 'அண்ணன்' என்னும் சொல்லையும் இவ்வாறே போற்றுக. பெரியப்பா மகனும் நமக்கு அண்ணனே. ஆங்கிலத்தில் அவர் உடன்பிறந்தார் ஆகார்.

2. ஆயுளும் அதன் பின்னும்

வீட்டைக் குறித்த வாசகம் பழைய பத்திர நடையில் அமைந்தது: "என் மனைவி தன் ஆயுள் பரியந்தம் யாதொரு பராதீனமும் செய்யாமல் அனுபவித்து, அவள் காலத்திற்குப் பின் என் குமாரர் இருவரும் சமபாகமாய் அடைந்து, புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திரத்துடன் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது."

இஃது ஒரே வாக்கியம். ஆங்கிலத்தில் இவ்வளவு நீளம் அழகன்று என்று கருதி யாம் இதனை மூன்றாய் அறுத்தோம். முதல் வாக்கியம் 'வீடு என் மனைவிக்கு' என்று முடிந்தது. 'ஆயுள் வரை' என்பது அடுத்ததிற் சென்று சேர்ந்தது. இங்கே ஓர் ஆபத்து உண்டு. ஒருவர்க்கு ஒரு சொத்து எல்லை கூறாது கொடுக்கப்பட்டால், வேறு கருத்துத் தோன்றாவிடின், கொடுத்தவர்க்கிருந்த உரிமை முழுதும் அவர்க்குச் சேரும் என்பது மேற்படி சட்டத்தின் 95-ஆம் பிரிவு. உயிலை முழுதும் சேர்த்தே படிக்கவேண்டும் என்ற விதியும் உண்டெனினும், மூலத்தில் இல்லாத மயக்கத்தை முற்றுப்புள்ளியால் உண்டாக்குதல் எதற்கு? தமிழில் 'அனுபவித்து' என்னும் வினையெச்சம் மனைவியின் உரிமையை முடியவிடாமல் குமாரரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கின்றது. ஆங்கிலத்திலும் ஆயுள் என்னும் எல்லையும், பராதீனம் கூடாது என்னும் விலக்கும், பின்னர் யார்க்கு என்பதும் ஒரே வாக்கியத்தில் நிற்கவேண்டும். பராதீனம் என்பது விற்றல், அடகு வைத்தல், தானம் செய்தல் முதலிய எவ்வகையாலும் பிறர் கைப்படுத்தல்; 'விற்கக் கூடாது' என்று மட்டும் எழுதுவது குறைவாகும்.

அடுத்த பிழை இன்னும் நுண்ணியது. 'அவள் காலத்திற்குப் பின் என் குமாரர் இருவரும்' என்பதை யாம் 'அவளுக்குப் பின் உயிரோடிருக்கும் என் குமாரர்' என்னும் பொருள்படும் 'சர்வைவிங்' என்ற சொல்லால் எழுதினோம். ஆங்கிலத்தில் அது நயமாய் ஒலித்தது. அந்நயத்தின் விலையைப் பார்ப்போம். பெரியவர் காலமானபின், அவர் மனைவி உயிரோடிருக்கையிலேயே, மூத்த குமாரர் இலண்டனில் இறந்தால் அவருடைய பாதி யார்க்கு? தமிழ் வாசகத்தின்படி அது மூத்தவரின் வாரிசுகளுக்குரியது. ஏனெனில், கைவசம் கிடைக்கும் நாள் தள்ளிப்போடப்பட்டிருப்பினும் உரிமை பெரியவர் இறந்த அன்றே குமாரரிடம் நிலைபெற்றுவிடும். இது 119-ஆம் பிரிவின் விதி. எம் ஆங்கிலத்தின்படியோ, தாய்க்கு முன் இறந்தவர்க்கு ஒன்றும் இல்லை. முழு வீடும் இளையவர்க்கே. எவர் படிப்பதற்காக மொழிபெயர்த்தோமோ அப்பேத்திமாரையே யாம் ஒரு சொல்லால் வெளியேற்றிவிட்டோம்.

'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்பதிலும் அவர்களே இடறக்கூடும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'மகன் பேரன் வழியாய்' என்றாகும். அதனைப் படிக்கும் பேத்தி, தாத்தா பெண்மக்களை விலக்கிவிட்டார் என்று எண்ணுவாள். நம் நாட்டுப் பத்திரங்களில் இத்தொடர் ஆண்வழியைக் குறிப்பதன்று. வழிவழியாய்ச் செல்லும் முழு உரிமையைக் குறிக்கும் மரபுத் தொடராகும். வங்காளத்தில் வழங்கிய இதே வடமொழித் தொடரைக் குறித்து, அது பெண் வாரிசுகளை விலக்காத முழு உரிமை என்று பிரிவி கவுன்சில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கொண்டது. ஆதலின் முழு உரிமை என்னும் சட்டச்சொல்லை எழுதி, சொற்பொருளைப் பகர அடைப்புக்குள் தரவேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் தருதல் தகாது. அதனை அடுத்து வரும் தொடர் தானம், பரிவர்த்தனை, விற்பனை என்னும் மூன்றையும் செய்யத் தகுதி என்று பொருள்படும். வினிமயம் என்பது பரிவர்த்தனை. எழுத்தர் சிலர் அதனை 'விநியோகம்' என்று எழுதிவிடுவதுண்டு. அப்பொழுது பங்கிட்டளித்தல் என்னும் வேறு பொருள் புகும். மூலத்தில் எச்சொல் உள்ளதோ அதனை உற்று நோக்கிப் பெயர்க்கவேண்டும்.

3. சமபாகம்

"பாங்கிலுள்ள ரொக்கத்தை என் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சமபாகமாய்ப் பகிர்ந்துகொள்ள வேண்டியது" என்பது மற்றொரு வாசகம். படிக்குங்கால் இதில் ஐயமே தோன்றாது. கணக்கிட்டாலன்றி ஐயம் வெளிப்படாது. தொகை 24 இலட்சம் ரூபாய் என்று கொள்வோம். பிள்ளைகள் மூவர், பேரப்பிள்ளைகள் ஐவர்.

தலைக்கு ஒரு பங்கு என்று கொண்டால் எண்மர்க்கும் மும்மூன்று இலட்சம் வரும். மகள் வீட்டில் தாயும் மக்கள் மூவரும் ஆக நால்வர்க்கு 12 இலட்சம். மூத்தவர் வீட்டில் மூவர்க்கு 9 இலட்சம். பிள்ளையில்லாத இளையவர்க்கு 3 இலட்சம். பிள்ளைகள் ஒரு கூட்டம், பேரப்பிள்ளைகள் ஒரு கூட்டம் என்று இரண்டாய்ப் பிரித்தால், ஒவ்வொரு கூட்டத்திற்கும் 12 இலட்சம். பிள்ளை ஒருவர்க்கு 4 இலட்சமும், பேரப்பிள்ளை ஒருவர்க்கு 2 இலட்சத்து 40 ஆயிரமும் கிடைக்கும். இளையவர்க்கு 4 இலட்சம். கிளைக்கு ஒரு பங்கு என்று கொண்டாலோ, மூன்று வீட்டிற்கும் எட்டெட்டு இலட்சம். இளையவர்க்கு 8 இலட்சம். ஒரே 'சமபாகம்' ஒருவர்க்கு 3, 4, 8 என மூன்று விடை தருகின்றது.

யாம் சட்ட அகராதி ஒன்றைப் புரட்டி, கிளைவாரியாய்ப் பங்கிடுதலைக் குறிக்கும் இலத்தீன் தொடரைக் கண்டெடுத்துப் பெருமிதத்துடன் எழுதியிருந்தோம். அது தெளிவான தொடரே. ஆயினும் பெரியவர் எழுதாத தெளிவு. மொழிபெயர்ப்பில் மயக்கம் இருத்தலாகாது என்பதற்கு, மூலத்தின் மயக்கத்தையும் தீர்த்துவிட வேண்டும் என்பது பொருளன்று. மூலத்தில் இல்லாத மயக்கத்தை ஆங்கிலம் புதிதாய் உண்டாக்கலாகாது. மூலத்திலுள்ள மயக்கத்தை ஆங்கிலம் மறைக்கவும் ஆகாது. இவ்விரண்டுமே மொழிபெயர்ப்பாளனின் கடமை. மயக்கத்தைத் தீர்க்கும் உரிமை உயில் எழுதினவர் உயிரோடிருக்கும் வரை அவர்க்கும், அவர்க்குப் பின் நியாயத்தலத்துக்குமே உண்டு. ஆதலின் இங்கே ஆங்கிலத்திலும் 'சமபாகமாய்' என்று மட்டுமே எழுதவேண்டும்.

பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், சந்ததி என்னும் சொற்களிலும் விழிப்பு வேண்டும். 99-ஆம் பிரிவின்படி 'சில்ட்ரன்' என்பது முதல் தலைமுறையினரை மட்டும், 'கிராண்ட்சில்ட்ரன்' என்பது இரண்டாம் தலைமுறையினரை மட்டும் குறிக்கும்; 'இஷ்யூ' என்பதோ வழித்தோன்றல் அனைவரையும் குறிக்கும். 'சந்ததி' என்றிருக்குமிடத்தில் 'சில்ட்ரன்' என்று எழுதினால் பேரரும் கொள்ளுப்பேரரும் ஒரே அடியில் நீங்குவர்.

4. எதற்கு வடக்கு?

நான்காம் கோடு எம்மை மிகவும் வெட்கச் செய்தது. தோட்டத்தின் நான்கெல்லை, "பொதுப் பாதைக்கு வடக்கு, ஓடைக்குத் தெற்கு" என்ற முறையில் எழுதப்பட்டிருந்தது. யாம் அதனை ஆங்கிலப் பட்டியலாக்கி, 'வடக்கு: பொதுப் பாதை, தெற்கு: ஓடை' என்று எழுதினோம். தமிழ்ப் பத்திரம் கூறுவது தோட்டம் பாதைக்கு வடக்கே கிடக்கின்றது என்பது. அதாவது பாதை தோட்டத்தின் தென்னெல்லை. எம் பட்டியலோ பாதையை வடவெல்லையாக்கிவிட்டது. இந்த நான்காம் வேற்றுமையைக் கவனியாமையால் நிலமே தலைகீழாயிற்று. எம் எல்லைகளைக் கொண்டு தேடுவோர் பாதையைக் கடந்து அயலார் நிலத்திற் சென்று நிற்பர்.

இப்பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஆங்கிலத்தை மட்டும் பார்த்து ஒரு படம் வரைந்து, கிராமப் புலப்படத்தோடு ஒப்பிடுதல். புல எண்ணை எந்நிலையிலும் விடாது எழுதவேண்டும். சென்ட் என்ற அளவையும் அவ்வாறே நிறுத்தி, அயல்நாட்டார்க்காக வேண்டுமானால் நூறு சென்ட் ஓர் ஏக்கர் என்று அடைப்புக்குள் குறிக்கலாம்.

சரிபார்க்கும் முறை

வழக்கறிஞர் எமக்குக் கற்பித்த சோதனை இரண்டு. முதலாவது, மூலத்தைக் காணாத ஒருவரிடம் ஆங்கிலத்தை மட்டும் கொடுத்து, யார்க்கு எது, எப்பொழுது, எவ்வளவு என்று தமிழில் எழுதச் செய்து, அதனை மூலத்தோடு வைத்துப் பார்த்தல். இரண்டாவது, குடும்ப மரத்தைத் தாளில் வரைந்து, ஒவ்வொருவர் பெயராய் விரலை வைத்து, 'இவர் முன்னே இறந்தால் பங்கு எங்கே செல்லும்?' என்று தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனியே கேட்டல். விடை வேறுபடும் இடத்தில் மொழிபெயர்ப்பு பிழை. இரண்டிலும் விடை கிடையாத இடத்தில் மூலம் குறையுடையது. எம் 'சர்வைவிங்' முதல் விரலிலேயே பிடிபட்டது.

மொழிபெயர்ப்பின் இறுதியில் ஓர் உறுதிமொழியும் வேண்டும். உயில் நியாயத்தலத்தின் மொழியில் இராவிடின் மனுவோடு மொழிபெயர்ப்பு இணைக்கப்படவேண்டும் என்றும், நியாயத்தல மொழிபெயர்ப்பாளர் அல்லாதார் அதனைச் செய்தால், மூலத்தின் மொழியையும் எழுத்தையும் தாம் நன்கறிந்தவர், இது மெய்யான திருத்தமான மொழிபெயர்ப்பு என்று அவர் சான்றளிக்க வேண்டும் என்றும் 277-ஆம் பிரிவு கூறுகின்றது. அயல்நாட்டு நியாயத்தலங்களும் இத்தகைய சான்றை எதிர்பார்க்கும். மயக்கமுள்ள இடத்தை ஊகத்தால் நிரப்பியவன் இச்சான்றில் கையெழுத்திடுவது எங்ஙனம்? 'நெவ்யூ' என்று எழுதிய தாளின் கீழ் எம் பெயர் இருந்திருக்குமே என்று எண்ணுந்தோறும் உள்ளம் நடுங்குகின்றது.

பெரியவர் செய்தது

பெரியவர் உயிரோடிருந்தமையால் எல்லாம் திருத்தப்பட்டன; ஆனால் திருத்தம் ஆங்கிலத்தில் அன்று, தமிழிலேயே செய்யப்பட்டது. உயிலுக்குப் பிற்சேர்க்கை ஒன்று எழுதுவதென முடிவாயிற்று. அதுவும் உயிலைப் போன்றே, எழுதினவர் கையெழுத்தும் இரு சாட்சிகளின் கையெழுத்தும் பெற்றால்தான் செல்லும். மகளின் கணவர் அருகிலிருந்தமையால் தாமே சாட்சியிடுவதாய் முன்வந்தார். வழக்கறிஞர் உடனே தடுத்தார். கிறிஸ்தவர் உயிலுக்குப் பொருந்தும் 67-ஆம் பிரிவின்படி, சாட்சியிட்டவர்க்கோ அவர் மனைவி அல்லது கணவர்க்கோ அவ்வெழுத்தால் அளிக்கப்பட்ட கொடை செல்லாது. தோட்டத்தைத் தமக்கே உறுதிப்படுத்தும் தாளில் தாமே சாட்சியிட்டு அக்கொடையை ஐயத்திற்கு உள்ளாக்க இருந்தார் அவர். அயலார் இருவர் வந்து கையெழுத்திட்டனர்.

பிற்சேர்க்கையில் மருமகன் இன்னார், தம் மகளின் கணவர், என்று பெயரோடும் தந்தை பெயரோடும் எழுதப்பட்டது. சமபாகத்தைக் குறித்துக் கேட்டபொழுது பெரியவர் உடனே விடை கூறவில்லை. எம் கணக்குத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாட் காலையில் வரச்சொன்னார். சென்றபொழுது அவர் சொன்னது இது: "தலைக்கு ஒன்று என்றுதான் நினைத்து எழுதினேன், தம்பி. அது சின்னவனுக்கு மூன்று இலட்சமாய் முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை இல்லாதது அவன் குற்றமா? மூன்று வீட்டுக்கும் ஒன்றுபோல் எழுதிவிடு." அவ்வாறே மூன்று கிளைக்கும் மூன்றிலொரு பங்கு என்று தமிழில் எழுதப்பட்டது. யாம் முன்னர் எழுதிய இலத்தீன் தொடர் இதற்குப் பின்னரே எம் மொழிபெயர்ப்பில் இடம் பெற்றது. முன்னர் அது எம் ஊகம், இப்பொழுது அது அவர் சொல்.

உயிலும் பிற்சேர்க்கையும் சேர்ந்த ஆங்கில மொழிபெயர்ப்பு இலண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் சென்றது. முதற் பக்கத்தில் 'மொழிபெயர்ப்பு' என்ற தலைப்பும், தமிழ் மூலமே உயில் என்ற குறிப்பும் உள்ளன. ஆங்கிலத் தாளிலும் தாம் கையெழுத்திடலாமா என்று பெரியவர் கேட்டார். வேண்டாவென்று வழக்கறிஞர் தடுத்தார். சாட்சிகளோடு கையெழுத்திட்டால் அதுவே பிந்திய உயிலாய்க் கொள்ளப்பட்டு, இரண்டு உயில்களுள் எது செல்லும் என்ற வழக்குக்கு இடமாகுமாம். ஆகவே அதில் இருப்பது மொழிபெயர்த்தவராகிய எம் கையெழுத்து ஒன்றே.

பினாங்கிலுள்ளவரிடமிருந்து பெரியவர்க்கு மறுமொழி வந்தது. தோட்டத்தில் தமக்குப் பங்கில்லை என்பதை அவர் பொருட்படுத்தவில்லை; மாமாவின் வீட்டில் மாமியின் உரிமை அவர் ஆயுள் வரை உறுதியாயிருக்கின்றதா என்று மட்டுமே கேட்டிருந்தார். இரண்டாம் பக்கத்தின் முதல் வாக்கியத்தைப் பார்க்குமாறு விடை எழுதினோம். அவ்வாக்கியம் நீளமாய், அழகின்றி, ஒரே வாக்கியமாய் இருக்கின்றது.